எழுத்தில்லாத இடத்தில் என்ன சொல்வது?

பழைய மையவாடியில் சாய்ந்து கிடக்கும் மீஸான் கல், பள்ளிவாசல் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த பகுதி, செல்லரித்த ஏட்டின் ஓரம், கிணறு வெட்டும்போது கிடைத்த பானையோடு ஆகிய இவற்றின் படங்களை இக்காலத்தில் எவரும் கைப்பேசியில் எடுத்து, அரபியும் தமிழும் கற்றவர் என்று தாம் கருதும் ஒருவருக்கு அனுப்பிவிட முடிகிறது. படத்தோடு வரும் வினா பெரும்பாலும் ஒன்றேதான்: "இதில் என்ன எழுதியிருக்கிறது?"

இவ்வினாவினுள் ஒரு முடிவு முன்கூட்டியே அடங்கியிருக்கிறது. எழுதியிருக்கிறது என்பதைக் கேட்பவர் முடிவு செய்துவிட்டார். என்ன என்பது ஒன்றே எஞ்சியிருப்பதாக நினைக்கிறார். ஆனால் படத்தில் எழுத்தே இல்லாமல் இருக்கலாம். இரண்டொரு கீறல்கள் மட்டுமே இருக்கலாம். அப்போது விடை கூறுபவரின் கடமை என்ன? கற்றவர் என்று நம்பி வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதா? கண்ணுக்குத் தோன்றியதைச் சொல்லி மகிழ்விப்பதா? இது கல்வெட்டுக் கலையைச் சார்ந்த வினா மட்டுமன்று. சாட்சியத்தைச் சார்ந்த வினாவும் ஆகும். கண்டதற்கு மட்டுமே சாட்சி சொல்லலாம் என்பதை நம் மார்க்கம் நமக்குப் பால பாடமாகவே கற்பித்திருக்கிறது.

முதலில் ஒரு பாகுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். "படிக்க இயலவில்லை" என்று நாம் பொதுவாகச் சொல்லும் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. இங்கே எழுத்து இல்லை என்பது ஒன்று. எழுத்து இருக்கிறது, ஆனால் அழிந்துவிட்டதால் படிக்க இயலவில்லை என்பது மற்றொன்று. பொருளைப் பற்றி ஒன்றும் கூற முடியாத அளவுக்குப் படம் போதாது என்பது மூன்றாவது. முதலாவது, கல்லைப் பற்றிய முடிவு. இரண்டாவது, கல்லின் நிலையையும் படிப்பவரின் திறனையும் சேர்த்துச் சொல்வது. மூன்றாவதோ படத்தைப் பற்றியது மட்டுமே. கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இம்மூன்றையும் கலந்து ஒரே சொல்லால் விடையளித்தால், கேட்டவர் தம் விருப்பத்திற்கேற்ற பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். படம் மங்கல் என்று நாம் சொன்னது, ஊருக்குப் போய்ச் சேரும்போது "கல்லில் ஒன்றுமே இல்லையாம்" என்றாகிவிடும். அந்தக் கல்லும் துணி துவைக்கும் கல்லாகிவிடும்.

இவ்வினா விருதுநகர்ச் சீமைக்குப் புதியதன்று. பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்ற சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் தமிழகத் தொல்லியல் துறை 2022 முதல் அகழாய்வு நடத்தியிருக்கிறது. சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் உருவங்களும் அங்கே வெளிப்பட்டன. அச்செய்தி பரவியதிலிருந்து, சுற்று வட்டாரத்தில் கீறல் விழுந்த ஓடு ஒன்றைக் காண்பவருக்கெல்லாம் அது எழுத்தாக இருக்குமோ என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அகழாய்வு செய்வோர் காணும் கணக்கு வேறு. மதுரைக்கு அருகேயுள்ள கீழடியைப் பற்றி 2019இல் வெளியான அறிக்கையில், குறியீடுகள் கீறப்பட்ட ஓடுகள் 1,001 என்றும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 என்றும் கூறப்பட்டிருந்தது. எழுத்துச் செழித்திருந்த ஊரிலேயே எழுத்துடைய ஓடு ஒன்றிற்கு, எழுத்தல்லாத குறிகளைக் கொண்ட ஓடுகள் ஏறத்தாழப் பதினெட்டு இருந்திருக்கின்றன. தற்செயலாக விழுந்த கீறல்கள் இக்கணக்கில் சேரா.

ஒரு கோட்டைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்வதற்குள் ஏறவேண்டிய படிகள் பல. முதற்படி, இது மனிதன் இட்ட கோடு. வெடிப்போ, வேரின் தடமோ, ஏர்க்கொழு உரசியதோ அன்று என்பது. இரண்டாவது, மனிதன் கருத்தோடு இட்ட குறி. கை தவறி விழுந்ததன்று என்பது. மூன்றாவது, அக்குறி ஓர் எழுத்து முறையைச் சேர்ந்தது. உடைமையாளரின் அடையாளமோ அலங்காரமோ அன்று என்பது. நான்காவது, அம்முறையில் இது இன்ன எழுத்து என்பது. ஐந்தாவது, அவ்வெழுத்துகள் சேர்ந்து இன்ன சொல்லாகின்றன என்பது. ஒவ்வொரு படிக்கும் தனிச் சான்று வேண்டும். முதற்படியின் சான்று ஐந்தாம் படிக்குச் செல்லாது. நம் கண்ணோ, முதற்படியில் நிற்கும்போதே ஐந்தாம் படியைப் பார்த்துவிடுகிறது. மேகத்தில் யானையைக் காணும் கண் அது. எழுத்தறிந்தவர் கண்ணுக்கு இக்குறை இன்னும் மிகுதி. அறியாதவருக்கு வெறும் வளைவாகத் தெரிவது, அரபி கற்றவருக்கு 'நூன்' ஆகத் தெரிகிறது.

படிகளைப் பிரித்துக் காண்பதன் பயனை ஒரு பெரிய நிகழ்ச்சியில் காணலாம். மயிலாடுதுறைக்கு அருகேயுள்ள செம்பியன் கண்டியூரில், ஆசிரியர் ஒருவர் தம் தோட்டத்தில் குழி தோண்டும்போது பெற்ற கற்கோடரி ஒன்றைப் பற்றி 2006இல் பரபரப்பான செய்தி வெளியாயிற்று. அக்கோடரியில் இருந்த நான்கு குறிகளைச் சிந்துவெளி எழுத்துகளென்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அடையாளம் கண்டு, முதலிரண்டு குறிகளை முருகன் என்னும் பெயரோடு தொடர்புபடுத்தினார். ஆய்வாளர் சிலர் ஐயம் எழுப்பினர். கற்கோடரியில் குறிகள் இருப்பது ஒன்று. அவை சிந்துவெளிக் குறிகளோடு உருவத்தில் ஒத்திருப்பது இன்னொன்று. அவற்றின் ஒலி இன்னது என்பது வேறொன்று. முதலாவதை ஏற்பவர் மூன்றாவதை ஏற்றாக வேண்டும் என்பதில்லை. சிந்துவெளி எழுத்தை ஐயத்திற்கிடமின்றிப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று அன்றைய தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025 ஜனவரியில் அறிவித்ததே, ஒலி என்னும் படியில் அதுவரை எவரும் அனைவரும் ஒப்ப ஏறிவிடவில்லை என்பதற்குச் சான்று. அப்போது வெளியிடப்பட்ட நூலும், தமிழகப் பானைக் குறியீடுகளுக்கும் சிந்துவெளிக் குறிகளுக்கும் இடையிலான உருவ ஒப்புமையை ஆராய்ந்ததே. உருவம் ஒத்திருக்கிறது என்பது ஒரு படி. பொருள் இதுவே என்பது மிகத் தொலைவிலுள்ள படி.

முதற்படியிலேயே நம்மை ஏமாற்றுவது வெளிச்சம். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் ஆழமற்ற வெட்டுகள் மறைந்துபோகும். கறையும் பாசியும் கோடுகளாக எழுந்து நிற்கும். வெளிச்சம் எப்பக்கமிருந்து வருகிறது என்று தெரியாத படத்தில் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றும். ஆகவே கல்வெட்டுப் படிப்போர் சாய்ந்த வெளிச்சத்தை நாடுகின்றனர். இருட்டில் டார்ச் விளக்கைக் கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து, நான்கு திசைகளிலிருந்தும் நான்கு படங்கள் எடுக்க வேண்டும். கறை எந்த வெளிச்சத்திலும் ஒரேபோல் இருக்கும். அதற்கு நிழல் கிடையாது. வெட்டுக்கோ விளக்கு மாறும்போது நிழலும் கரை மாறும். நிழல் மாறுவதனால் அது பள்ளம் என்று மட்டுமே தெரியும்; உளி வெட்டியதா, இயற்கையான வெடிப்பா என்பதற்கு அடுத்த சோதனை வேண்டும். உளியின் கோடு ஏறத்தாழ ஒரே ஆழமும் ஒரே அகலமும் உடையதாய், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரிய நிற்கும். வெடிப்பு கல்லின் போக்கில் ஓடி, விளிம்பைக் கடந்து பக்கவாட்டிலும் தொடரும்.

மனிதன் கருத்தோடு இட்ட குறியெல்லாம் செய்தி ஆகாது என்பதைச் சிவகாசி அச்சுக்கூடத்தில் வேலை செய்பவருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டாசுப் பெட்டியின் மேலுறையோ நாட்காட்டியோ பல நிறங்களில் அச்சாகும் தாளின் ஓரங்களில் சிறு சிலுவைக் கோடுகளும் நிறக் கட்டங்களும் இருக்கும். ஒரு நிறத்தின் மேல் மற்றொரு நிறம் பிசகாமல் விழுகிறதா என்று பார்ப்பதற்கான குறிகள் அவை. தாளை வெட்டும்போது கழிந்துவிடும். அத்தொழிலை அறியாத ஒருவர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த ஓரத்துண்டை மட்டும் கண்டெடுத்தால், அதனைச் சமயச் சின்னம் என்று எழுதிவைக்கலாம். குறி உண்மை, கருத்தும் உண்மை. வாசகம் மட்டும் அங்கே இல்லை.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். இம்மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தார் மீஸான் கல் ஒன்றின் படத்தோடு நம்மிடம் வந்தனர். தரைக்கு மேல் ஒன்றரை முழ உயரமுள்ள கருங்கல். பலமுறை சுண்ணாம்பு அடிக்கப்பட்டு உதிர்ந்தது. படத்தில் வலப்பக்கம் நிமிர்ந்த கோடு ஒன்று, நடுவே கிண்ணம்போன்ற வளைவு ஒன்று, அவ்வளைவின் மேல் ஒரு புள்ளி. குடும்பத்தின் மூத்தவர், "ஹஜ்ரத், நூன் தெளிவாகத் தெரிகிறதே! எங்கள் பூட்டனார் பெயர் நூருத்தீன். அவர் கபுறு இதுதான் என்று எழுதித் தந்தால் பெயர்க்கல் நட்டுவிடுவோம்" என்றார். அதே கபுறைத் தம் முன்னோருடையது என்று கூறும் வேறொரு குடும்பமும் அவ்வூரில் இருந்தது. ஆகவே நாம் சொல்லும் ஒரு சொல், இரண்டு வீட்டாரிடையே தீர்ப்பாக நிற்கும்.

படம் நண்பகலில் எடுக்கப்பட்டது. கல்லைச் சுரண்டாமலும், சாக்குக்கட்டியோ எண்ணெயோ தடவாமலும், இரவில் டார்ச் விளக்கை நான்கு பக்கமும் பிடித்து, அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைத்து மீண்டும் படமெடுத்து வருமாறு கேட்டோம். சாக்குக்கட்டியை விலக்கியதற்குக் காரணம் உண்டு. கோட்டின்மேல் வெள்ளை தீட்டுகிறவர் தாம் நம்பும் கோட்டின்மேல் மட்டுமே தீட்டுகிறார். பிறகு படம் காட்டுவது கல்லையன்று, அவர் நம்பிக்கையை.

புதிய படங்கள் வந்தபோது, நிமிர்ந்த கோடு கல்லின் மேல் விளிம்பைக் கடந்து பின்புறமும் ஓடியது. அது கல்லின் வெடிப்பு. புள்ளி ஒரு குழிதான். ஆனால் அதே அளவில் ஒழுங்கற்ற குழிகள் கல் முழுவதும் பரவியிருந்தன. கல்லைக் கொத்திச் சமன் செய்தபோது உண்டானவை. வளைவு மட்டும் நான்கு படங்களிலும் நின்றது. அதன் நிழல் விளக்கோடு கரை மாறியது. ஆழம் சீராக இருந்தது. இரு முனைகளும் தெளிவாக முடிந்தன. ஆகவே உளியின் வேலை என்று சொல்லத் தகுந்தது அது ஒன்றே.

அந்த வளைவு நூன்தானா? அரபி எழுத்து சொல்லின் முதலிலும் இடையிலும் ஈற்றிலும் வேறு வேறு வடிவெடுக்கும். நூருத்தீன் என்னும் பெயரின் முதலில் வரும் நூன், அடுத்த எழுத்தோடு சேர்வதால் சிறு பல்லாக எழுமேயன்றிக் கிண்ணமாக வளையாது. கிண்ண வடிவம் ஈற்று நூனுக்கே உரியது. ஈற்றில் வளைவது நூன் மட்டுமன்று. ஸீன், ஸாது, லாம், யா ஆகியவையும் வளைந்தே முடியும். இத்தனைக்கும் மேலாக, மீஸான் கற்களின் மேற்பகுதியில் அழகுக்காக வளைவு வெட்டும் வழக்கமும் உண்டு. இவ்வளைவு இருந்தது மேற்பகுதியின் நடுவிலேயே. இரண்டாம் படிவரை சான்று நம்மை அழைத்து வந்தது. மூன்றாம் படியில் அது கைவிட்டுவிட்டது.

புள்ளிகள் அழிந்த அரபி எழுத்தில் ஊகம் எவ்வளவு அபாயமானது என்பதை ஓதப் பழகிய பிள்ளைகளும் அறிவர். சொல்லின் முதலிலோ நடுவிலோ உள்ள பல் ஒன்று, புள்ளி இல்லையேல் பா, தா, ஸா, நூன், யா என்னும் ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். அத்தகைய பற்கள் இரண்டு சேர்ந்தால் இருபத்தைந்து வழிகள். மூன்று சேர்ந்தால் நூற்றிருபத்தைந்து. அப்படியானால் தொடக்ககாலத்துக் குர்ஆன் பிரதிகள் புள்ளியின்றி எழுதப்பட்டும் பிழையின்றி ஓதப்பட்டது எவ்வாறு? அங்கே ஏடு தனியே வரவில்லை. மனனம் செய்த நெஞ்சங்களோடு வந்தது. எழுத்து, ஓதுபவரின் நினைவுக்குத் துணையாக நின்றது. நம் ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதியும் புலவர் படித்தது செய்யுளின் ஓசையும் பொருளும் துணைநின்றதால்தான். தனித்துக் கிடக்கும் கல்லுக்கு அத்தகைய துணை ஏதுமில்லை. துணையின்றி வந்த மூன்று கோடுகளுக்குத் துணையாக நம் விருப்பத்தை நிறுத்தினால், கல் பேசாது, விருப்பமே பேசும்.

நம் முன்னோர் இத்தகைய இடங்களில் செய்தது என்ன? ஹதீஸ் ஏடுகளைப் பெயர்த்தெழுதியவர்களிடம் செம்மையான முறை ஒன்று இருந்தது. மூல ஏட்டில் எழுத்து இல்லாத இடம் வந்தால், அவ்விடத்தை வெறுமையாக விட்டு, மூலத்தில் வெற்றிடம் என்பதற்கு 'பயாள்' என்று குறித்தனர். பார்ப்பதற்குப் பிழைபோல் தோன்றினும் சரியான சொல்லின்மேல் 'ஸஹ்ஹ' என்று எழுதினர். ஏட்டில் அவ்வாறே வந்திருக்கிறது, ஆனால் சொல்லோ பொருளோ பழுதுடையது என்று கண்டால், திருத்திவிடாமல், ஸாது எழுத்தின் தலையை நீட்டியதுபோன்ற 'ளப்பா' என்னும் குறியை மேலே இட்டனர். 1245இல் டமாஸ்கஸில் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் ஹதீஸ் கலை பற்றிய தம் நூலில் இக்குறிகளை விளக்குகிறார். நிறைவான 'ஸஹ்ஹ'வின் பாதியே இக்குறி. பாதி எழுத்து, பாதி நம்பகத்தைக் காட்டுகிறது. எவ்வளவு அறிந்தோம் என்பதை மட்டுமன்றி, எங்கே அறியவில்லை என்பதையும் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தனர்.

கல்வெட்டுகளைப் பதிப்பிப்போரும் இதையே வேறு குறிகளால் செய்கின்றனர். சிதைந்திருந்தும் அடையாளம் காணத்தக்க எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுகின்றனர். கல்லில் இல்லாமல் பதிப்பாசிரியர் தாமே சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி இடுகின்றனர். அழிந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டுகின்றனர். அரசின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில், ஒரு கல்லைப் பற்றிச் 'சிதைந்தது' என்பதோடு முடியும் குறிப்புகள் எத்தனையோ உள. அவற்றை எழுதியவர்கள் கல்லாதவர்கள் அல்லர். கற்றதனாலேயே அங்கே நிறுத்திக்கொண்டனர்.

ஊகிப்பதே கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். கூடும், ஊகமின்றிச் சிதைந்த எழுத்தை எவரும் படித்ததில்லை. ஊகம், ஊகம் என்னும் பெயரோடு வரவேண்டும் என்பதே நிபந்தனை. பெயரில்லாமல் வந்த ஊகம் இரண்டே கைமாறலில் செய்தியாகிவிடும். "நூனாக இருக்கலாம்" என்று ஆலிம் சொன்னது, பேரனிடம் "நூன் என்றார்" என்றாகி, விழா மலரில் "நூருத்தீன் என்று பொறிக்கப்பட்டுள்ளது" என்று அச்சேறும். பிறகு அந்த மலரே சான்றாகிவிடும். கல்லை எவரும் பார்க்க மாட்டார். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தைப் போலவே இருக்கும் என்பதால் கையெழுத்தை மட்டும் கொண்டு உரிமையை நிலைநாட்ட இயலாது என்று ஹனஃபி சட்ட அறிஞர்கள் தயங்கியதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். தெளிவான எழுத்துக்கே அந்தத் தயக்கம் என்றால், எழுத்தா என்றே தெரியாத வளைவுக்கு எவ்வளவு தயக்கம் வேண்டும்!

ஆயினும் தயக்கமும் வரம்பு மீறலாம். ஒன்றும் சொல்லாதிருப்பது பாதுகாப்பு என்று கருதி, எல்லாப் படத்திற்கும் "ஒன்றுமில்லை" என்று விடையளிப்பவரும் தாம் காணாததைச் சொன்னவரே ஆவார். இல்லை என்பதும் ஒரு கூற்று. அதற்கும் சான்று வேண்டும். அக்கல்லில் உளி வெட்டிய வளைவு ஒன்று உண்டு. அதனை மறைப்பது, நூருத்தீன் என்று படிப்பதைப் போலவே தவறு.

ஆகவே அக்குடும்பத்தாருக்கு இவ்வாறு எழுதிக் கொடுத்தோம்: 'நான்கு பக்க வெளிச்சத்தில் எடுத்த படங்களைப் பார்த்தோம். கல்லை நேரில் காணவில்லை. வலப்பக்கக் கோடு இயற்கை வெடிப்பு. புள்ளி, கல் கொத்திய குழிகளுள் ஒன்றாகத் தோன்றுகிறது. மேற்பகுதியில் உளியால் வெட்டிய வளைவு ஒன்று உள்ளது. அது எழுத்தின் பகுதியா அலங்காரமா என்று தீர்மானிக்கச் சான்றில்லை. படிக்கத்தக்க சொல் எதுவும் இப்படங்களில் இல்லை. கல்லின் கீழ்ப்பகுதி மண்ணுள் இருப்பதால் அங்கே என்ன இருக்கிறது என்பது பற்றி நாம் ஒன்றும் கூறவில்லை.'

மூத்தவர் அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் இது எங்கள் பூட்டனார் கபுறு இல்லை என்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. கல் அதைச் சொல்லவில்லை என்று மட்டுமே சொன்னோம். அவர் முகம் வாடியது உண்மை. ஆனால் கபுறுகளுக்கு நாம் சொல்லும் ஸலாம் அங்கே அடங்கியிருப்போர் அனைவருக்கும் பொதுவானது. அதற்குப் பெயர் வேண்டியதில்லை. துஆ சேருவதற்குக் கல்லில் எழுத்து வேண்டுமென்பதும் இல்லை. பெயர்க்கல் நட்டால் மட்டும் இன்னொரு வீட்டாரின் முன்னோரை நம் ஊகத்தால் அழித்தவர்களாகலாம். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

தம்மிடம் கேட்கப்பட்ட பல வினாக்களுள் பெரும்பாலானவற்றுக்கு 'லா அத்ரீ', நான் அறியேன், என்று இமாம் மாலிக் அவர்கள் விடையளித்ததாக நம் மரபில் சொல்லப்படுகிறது. அந்தச் சொல்லின் பின்னே சோம்பல் இல்லை. அறிந்ததற்கும் அறியாததற்கும் நடுவே கோடு கிழிக்கும் உழைப்பு இருந்தது. கல்லின்முன் நிற்பவருக்கும் வேண்டுவது அவ்வுழைப்பே. கண்டதைக் கண்ட அளவில் எழுதி, காணாத இடத்தில் இடம் விட்டு, நாளை நல்ல கண்ணும் நல்ல வெளிச்சமும் கொண்டு வருபவர் நம் சொல்லைத் தாண்டிக் கல்லைப் பார்க்குமாறு வழியைத் திறந்து வைக்க வேண்டும். மீதியை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.